‘தள அணி’ என்று ஓர் ஆள் கிடையாது

கேள்வி:

ஐயா, கோத்தகிரிக்கு அருகே சரிவான நிலத்தில் ஒரு பள்ளிக்கு இரண்டு மாடி விடுதி கட்டிக்கொண்டிருக்கிறோம். நான் ஒப்பந்ததாரர் தரப்பில் திட்ட ஒருங்கிணைப்பாளர். கலந்தாலோசகர் கேட்டதால் ஜூன் மாதம் 38 வரிகளில் ஓர் இடர் பதிவேடு தயாரித்தோம். மாதாந்திரக் கூட்டத்துக்கு முதல் நாள் தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவேன். யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. கடந்த வாரம் அக்டோபர் மழையில், கட்டடத்துக்குப் பின்னால் வெட்டிய மண்முகப்பில் ஒரு பகுதி சரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே ஆள் இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த வரி பதிவேட்டில் இருக்கிறது: “மண்சரிவு. வாய்ப்பு 2, பாதிப்பு 4. பொறுப்பு: தள அணி. எச்சரிக்கைக் குறி: கனமழை. நடவடிக்கை: தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு.” தெரிந்தே எழுதி வைத்தும் பயன் இல்லையென்றால், இந்தப் பதிவேடு எதற்கு?

— வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை அந்த மண்முகப்பின் அடியில் யாரையும் வேலைக்கு விடாதீர்கள். சரிந்த பகுதி தன் பாரத்தை இறக்கிவிட்டது. அதற்கு இருபுறமும் சரியாமல் நிற்கும் பகுதிதான் இப்போது கவலைக்குரியது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. நவம்பர் முழுக்க இன்னும் பாக்கி இருக்கிறது.

இனி பதிவேட்டுக்கு வருவோம். உங்கள் வரியில் தவறான தகவல் எதுவும் இல்லை. மண் சரியும் என்றீர்கள், சரிந்தது. கனமழையில் என்றீர்கள், கனமழையில்தான் சரிந்தது. ஆனால் சனிக்கிழமை மாலை அந்த வரியை யாராவது படித்திருந்தாலும், அதை வைத்துக்கொண்டு அவர் செய்யக்கூடியது எதுவும் அதில் இல்லை. யார் செய்வது, எப்போது செய்வது, எதைச் செய்வது என்ற மூன்றுக்குமே கட்டம் இருக்கிறது, மூன்றிலும் சொற்கள் இருக்கின்றன. ஆனால் எந்தச் சொல்லும் ஒரு மனிதனையோ ஒரு நேரத்தையோ ஒரு பொருளையோ சுட்டவில்லை. 38 வரிகளையும் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் பிரித்துப் போட்டு, திரும்பக் கோர்ப்போம். மற்றவற்றை நீங்களே செய்துகொள்வீர்கள்.

‘மண்சரிவு’ என்ற ஒற்றைச் சொல்லில் தொடங்குகிறேன். அது இடரின் பெயர்தான், இடர் அல்ல. ஓர் இடரை எழுதும்போது எதனால், என்ன, அதனால் என்ன ஆகும் என்ற மூன்று பகுதிகளும் ஒரே வாக்கியத்தில் வரவேண்டும். உங்கள் தளத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே நீலகிரியின் கிழக்குச் சரிவில் நான் பார்த்த தளங்களை வைத்து எழுதுகிறேன்: “மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து வாய்க்கால் நிரம்பி வழிந்து, தடுப்புச் சுவர் கட்டப்படாத மண்முகப்புக்குள் நீர் இறங்கினால், முகப்பு சரிந்து, கீழே வேலை செய்பவர்கள் மேல் விழலாம், பின்பக்க அடித்தளக் குழிகளும் மூடிப்போகலாம்.”

இப்படி எழுதியவுடன் மூன்று விஷயங்கள் கண்ணில் படும். வாய்க்காலைத் திருப்பினால் காரணமே குறையும். தடுப்புச் சுவரை முன்னதாகக் கட்டினால் இடர் முடிந்துபோகும். அதுவரை கீழே ஆள் நிற்கும் நேரத்தைக் குறைத்தால் உயிர்ச்சேதம் தவிரும். எதிர்நடவடிக்கைகள் அந்த வாக்கியத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. ‘மண்சரிவு’ என்று மட்டும் எழுதினால் ‘தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு’ என்பதைத் தவிர வேறு என்ன எழுத வரும்?

அடுத்தது எச்சரிக்கைக் குறி. பெரும்பாலான பதிவேடுகள் செத்துப்போவது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

‘கனமழை’ என்பதை எப்படிக் கண்டுகொள்வது? வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதிகனமழை. அந்த 24 மணி நேரம் காலை எட்டரைக்கு முடியும். அதாவது கனமழை என்று அதிகாரபூர்வமாகத் தெரிவது பெய்து முடிந்த பிறகு. அப்படியானால் உங்கள் குறி, சரிவுக்கு முன்னால் அடிக்கும் மணி அல்ல, சரிவோடு சேர்ந்தோ அதற்குப் பின்னாலோ வரும் செய்தி. இன்னொரு சங்கடமும் உண்டு. மலையில் ஒரு வளைவு தாண்டினால் மழை மாறிவிடும். கோத்தகிரி ஊருக்குள் தூறலாக இருக்கும் நேரத்தில் உங்கள் சரிவில் கொட்டிக்கொண்டிருக்கலாம்.

ஒரு நாள் மழையை மட்டும் பார்ப்பதும் போதாது. நம் மலையின் அடியில் சார்னோக்கைட் பாறை. அதன் மேல் பல இடங்களில் ஆழமாக இற்றுப்போன செம்மண்ணும் களிமண்ணும். இந்த மண் பல நாள் மழையைக் குடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே நீரின் அழுத்தம் ஏற ஏற, மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடி தளரும். அந்த நிலையில் சாதாரண மழைகூடப் போதும். 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது ஒரே நாளின் திடீர் மழையால் அல்ல. பல நாட்கள் தொடர்ந்து பெய்த மழையால். ஆகவே உங்கள் குறியில் நேற்றும் முன்தினமும் பெய்ததும் சேரவேண்டும்.

நல்ல குறிக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது. ஒரு குறிப்பிட்ட ஆள், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று, ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடியவேண்டும். அந்த ‘ஆம்’ வந்த பிறகு எதிர்நடவடிக்கையை முடிக்க நேரம் மிச்சம் இருக்கவேண்டும். இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

உங்கள் முகப்புக்கு மூன்று படிகளாகக் குறிகளை வைப்பேன். முதல் படி முன்னறிவிப்பு. நீலகிரிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததா என்று தினமும் மதியம் ஒருவர் பார்த்துக் குறித்துவைக்கவேண்டும். இது ஏறக்குறைய ஒரு நாள் அவகாசம் தரும். இரண்டாம் படி தளத்திலேயே வைக்கும் மழைமானி. கடையில் வாங்கினால் நல்லது. அவசரத்துக்கு, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான தகர டப்பாவைத் திறந்தவெளியில் சமமாக வைத்து, உள்ளே நிற்கும் நீரின் ஆழத்தை அளவுகோலால் பார்த்தாலும் மழை மி.மீ. கிடைத்துவிடும். காலை எட்டரைக்கும் மாலை நாலுக்கும் அளவு. ஒரு நாளில் 50 மி.மீ., அல்லது மூன்று நாளில் சேர்ந்து 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் சொல்பவை. உங்கள் மண்ணைப் பார்த்து எண்ணை முடிவுசெய்யவேண்டியவர் நிலநுட்பப் பொறியாளர். இந்தப் படி சில மணி நேரம் தரும்.

மூன்றாம் படி மண் தானே பேசுவது. முகப்பின் மேல் விளிம்புக்குப் பின்னால் தரையில் வெடிப்பு தெரிகிறதா, கசிந்துவரும் நீர் தெளிவாக இருந்தது கலங்கலாக மாறியதா, சில்வர் ஓக் மரம் ஒன்று லேசாகச் சாய்ந்ததா என்று பார்ப்பது. வெடிப்பை வெறும் கண்ணால் பார்ப்பதில் பயனில்லை. நேற்றுப் பார்த்ததற்கும் இன்று பார்ப்பதற்கும் வித்தியாசம் மனதில் நிற்காது. வெடிப்பின் இருபுறமும் சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பித் துண்டுகளை அடித்து, தலையில் உளியால் ஒரு புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி இரும்பு டேப்பால் அளக்கவேண்டும். டேப்பை இழுக்கும் கைக்கு ஏற்ப ஒன்றிரண்டு மி.மீ. மாறும். ஆகவே இரண்டு அளவுகளுக்கு இடையில் 5 மி.மீ. கூடினால் குறி வந்துவிட்டது என்று வையுங்கள். இந்தப் படிக்கு அவகாசம் எவ்வளவு? சில நேரம் ஒரு நாள், சில நேரம் சில நிமிடம். ஆகவே இதற்கு ஒரே எதிர்நடவடிக்கைதான் இருக்க முடியும்: எல்லோரும் வெளியே.

இப்போது எதிர்நடவடிக்கையை நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். முகப்பைத் தார்ப்பாயால் மூடுவது என்று எழுதுகிறோம். 20 மீட்டர் நீள முகப்புக்கு நாலு ஆள், மூன்று மணி நேரம், மணல் மூட்டைகள். முன்னறிவிப்பு தரும் ஒரு நாளுக்குள் தாராளமாக முடியும். ஆனால் தார்ப்பாய் எங்கே இருக்கிறது? ‘மேட்டுப்பாளையத்தில் கிடைக்கும்’ என்பார்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கி.மீ. சாதாரண நாளில் அரை நாளில் சரக்கு வந்துவிடும். ஆரஞ்சு எச்சரிக்கை நாளில் அதே மழை மலைப்பாதையிலும் மரத்தையும் மண்ணையும் தள்ளியிருக்கும். உங்கள் முகப்பைச் சரிக்கும் மழைதான் உங்கள் தார்ப்பாயையும் நிறுத்துகிறது. பதிவேட்டில் ‘மண்சரிவு’ ஒரு வரியாகவும் ‘மலைப்பாதை அடைப்பு’ இன்னொரு வரியாகவும் தனித்தனியே கிடக்கும். நடக்கும்போது இரண்டும் ஒரே நாளில், கைகோத்துக்கொண்டு வரும். ஆகவே தார்ப்பாயும் மணல் மூட்டையும் அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன்பே தளத்துக் கிடங்கில் இருக்கவேண்டும் என்பதுதான் உண்மையான எதிர்நடவடிக்கை. மூடுவது அதன் இரண்டாம் பாதி.

இதற்குப் பணமும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கவேண்டும். சனிக்கிழமை இரவு தள மேற்பார்வையாளர் எட்டாயிரம் ரூபாய்க்கு ஆள் கூப்பிட யாரிடம் அனுமதி கேட்பது என்று யோசித்தால், அந்த வரி செல்லாத காசோலை. வரியிலேயே எழுதுங்கள்: “இரண்டாம் படிக் குறி வந்தால் ரூ.15,000 வரை தளப் பொறியாளர் கேட்காமல் செலவிடலாம், கணக்கு மறுநாள்.” நிர்வாகம் இதில் கையெழுத்துப் போடத் தயங்கும். தயங்கினால் அந்த இடரை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பொருள். அதையும் வரியில் எழுதி அதற்கே கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலும் செலவு அனுமதிக் காகிதமே கையெழுத்தோடு திரும்பி வந்துவிடும்.

பொறுப்பாளர் கட்டத்தைப் பற்றி எழுதும்போது என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் பழனி மலையில், சிறு பாலம் ஒன்றின் அணுகுசாலைக்குத் தடுப்புச் சுவர் கட்டினோம். நான் திட்டமிடல் பொறியாளர். பதிவேட்டை நான்தான் வைத்திருந்தேன். வண்ணம் பூசிய அழகான தாள், ஒவ்வொரு மாதமும் தேதி மாறும் தாள். சுவர் வரிக்குப் பொறுப்பாளர் திட்ட மேலாளர் என்று எழுதியிருந்தேன். அவர் இருந்தது சென்னையில். ஒரு சனிக்கிழமை இரவு சுவரின் நீர்க்கசிவுத் துளைகளிலிருந்து செந்நிறமாக நீர் வந்தது. பின்னால் இருந்த மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். காவல்காரர் அதைப் பார்த்திருக்கிறார். மலைக்காரர், பார்த்தவுடனே புரிந்துமிருக்கிறது. ஞாயிறு காலையில் சுவர் முன்பக்கமாகச் சாய்ந்து நின்றது. இடித்துத்தான் கட்டவேண்டியிருந்தது. திங்கட்கிழமை நான் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரிடம் சொல்வது ஐயா? மேஸ்திரி அண்ணனைக் கூப்பிட்டேன், அவர் ஊருக்குப் போய்விட்டார்” என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. குறியைப் பார்க்கக்கூடிய ஒரே மனிதரின் பெயர் என் பதிவேட்டில் இல்லை. என் பதிவேட்டில் இருந்த பெயருக்குக் குறி தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் மூன்று பெயர் கேட்பேன். குறியைப் பார்ப்பவர் ஒருவர். அவர் காவல்காரராகவோ சித்தாளாகவோ இருக்கலாம். நடவடிக்கையைச் செய்பவர் ஒருவர், பெரும்பாலும் மேஸ்திரி அல்லது மேற்பார்வையாளர். இடருக்கு உரியவர் ஒருவர். இவர்தான் பொறுப்பாளர். வேலையை நிறுத்தவும் பணம் செலவிடவும் அதிகாரம் உள்ளவராக, தளத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் வரக்கூடியவராக இருக்கவேண்டும். உங்கள் தளத்தில் அது தளப் பொறியாளராக இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் விடுப்பில் போகும் நாளில் மாற்று ஆள் யார் என்பதும் அதே கட்டத்தில் வரவேண்டும். உங்கள் சரிவும் என் சுவரும் வார இறுதியில் நடந்தவை என்பதைக் கவனியுங்கள். வார இறுதியில் மழை மற்ற நாட்களைவிட அதிகம் பெய்வதில்லை, பார்க்க ஆள்தான் குறைவு.

நீங்கள் பொறுப்பாளராகாதீர்கள். ஒருங்கிணைப்பாளர் பதிவேட்டைக் காப்பவர். 38 வரிகளுக்கும் அவரே பொறுப்பு என்றால் ஒன்றுக்கும் யாரும் பொறுப்பில்லை.

இதுவரை சொன்னதை ஒரே வரியாகத் திரட்டினால் இப்படி வரும்:

> இடர்: தோட்ட வாய்க்கால் வழிந்து, சுவரில்லாத முகப்பு சரிந்து, ஆட்கள் மேல் விழுதல், அடித்தளக் குழி மூடுதல்.
> பொறுப்பாளர்: தளப் பொறியாளர் (மாற்று: மேற்பார்வையாளர்). பார்ப்பவர்: பகலில் மேஸ்திரி, இரவில் காவல்காரர்.
> குறி 1: ஆரஞ்சு எச்சரிக்கை → அன்றே தார்ப்பாய், வாய்க்கால் அடைப்பு நீக்கம், தோண்டும் வேலை நிறுத்தம்.
> குறி 2: நாளில் 50 அல்லது மூன்று நாளில் 100 மி.மீ. → முகப்பின் அடியில் ஆள் இல்லை, இரவுக் காவல் இருவர்.
> குறி 3: கம்பி அளவு 5 மி.மீ. கூடினால் அல்லது கலங்கல் நீர் → உடனே வெளியேற்றம், கயிறு கட்டித் தடை, நிலநுட்பப் பொறியாளருக்கும் மேல் தோட்டத்துக்கும் தகவல்.
> முடிவு: தடுப்புச் சுவரும் பின்வடிகாலும் முழு உயரத்துக்கு முடிந்த நாள்.

கடைசிக் கட்டத்தைப் பலர் வைப்பதில்லை. எப்போது இந்த வரி மூடப்படும் என்று தெரியாவிட்டால், கட்டடம் திறப்பு விழா காணும் நாளிலும் பதிவேட்டில் மண்சரிவு நின்றுகொண்டிருக்கும்.

இனி கூட்டம். தேதியை மாற்றி அனுப்பியதை நீங்களே ஒப்புக்கொண்டதால் அதைப் பற்றிக் கடிந்துகொள்ளப் போவதில்லை. ஆனால் அது ஏன் நடக்கிறது என்று யோசியுங்கள். பழைய தாளில் கூட்டத்துக்குக் கூட்டம் மாறக்கூடிய எதுவுமே இல்லை. ‘கனமழை’ ஜூலையிலும் கனமழைதான், செப்டம்பரிலும் கனமழைதான். புதிய வரியில் மழை அளவு, கம்பி அளவு, கிடங்கில் உள்ள தார்ப்பாய் எண்ணிக்கை, சுவரின் உயரம் என்று மாறுபவை நாலு இருக்கின்றன. பொறுப்பாளர் அவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். ‘மாற்றமில்லை’ என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, ஆனால் அளவைச் சொல்லிவிட்டு.

உங்கள் தளத்தில் இது ஜூலையிலிருந்தே நடந்திருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று ஓட்டிப் பார்க்கிறேன். ஜூலைக் கூட்டத்தில் முகப்பு இன்னும் வெட்டப்படவில்லை. கேட்கவேண்டிய கேள்வி, சுவர் அக்டோபருக்குள் முடியுமா என்பதுதான். அட்டவணையைப் பார்த்தால் சுவர் நவம்பரில் வருகிறது. அப்போதே இரண்டு வழி: வெட்டும் வேலையைத் துண்டு துண்டாக்கி, வெட்டிய துண்டுக்குச் சுவர் எழும்பிய பிறகே அடுத்ததை வெட்டுவது, அல்லது பின்பக்க வெட்டையே ஜனவரிக்குத் தள்ளுவது. ஆகஸ்டில் வெட்டு தொடங்குகிறது, வாய்ப்பு 2 என்றிருந்தது 3 ஆகிறது. செப்டம்பரில் தார்ப்பாய் வந்ததா என்று கேட்கிறோம். வரவில்லை. மழை இன்னும் ஒரு துளி விழாதபோதே இந்த வரி சிவப்பாகிறது. ஏனென்றால் எதிர்நடவடிக்கை கையில் இல்லை. இடர் பெரிதாவது வானத்தில் மட்டும் நடப்பதல்ல, கிடங்கிலும் நடக்கிறது. அக்டோபரில் வாராவாரம் கூட்டம். மாதக் கூட்டம் இந்த ஒரு வரிக்குப் போதாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை திங்கட்கிழமை காலை பத்து நிமிடம் நின்றுகொண்டே பேசினால் போதும்.

எதிர்நடவடிக்கையே புதிய இடரைப் பெற்றுப்போடும், அதையும் கூட்டத்தில்தான் பிடிக்கமுடியும். வாய்க்காலைத் திருப்பினீர்கள். அந்த நீர் எங்கே போகிறது? கீழே உள்ள சிறு விவசாயியின் தேயிலைக்கோ, ஊர் நடைபாதைக்கோ போனால் அது உங்கள் பதிவேட்டில் புது வரி, அதற்குத் தனிப் பொறுப்பாளர். அதேபோல் மழையால் காங்கிரீட் வேலை டிசம்பருக்குத் தள்ளிப்போகிறது என்று வையுங்கள். காங்கிரீட் மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்த கம்பங்களை, தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை இருந்தால் 7 நாளிலும், அதற்கு மேல் 14 நாளிலும் எடுக்கலாம் என்பது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி IS 456 சொல்லும் பழகிய கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு. டிசம்பர் இரவில் கோத்தகிரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சமவெளியிலிருந்து வந்த மேஸ்திரி ஏழாம் நாள் முட்டுக் கம்பங்களைத் தட்டிவிடுவார், அவர் பழக்கம் அது. ஜூன் மாதப் பதிவேட்டில் இந்த வரி இல்லாதது தவறல்ல, அப்போது வேலை செப்டம்பரில் இருந்தது. அட்டவணை நகர்ந்த கூட்டத்திலேயே இந்த வரி பிறந்திருக்கவேண்டும். குறி: இரவு வெப்பமானி 15-க்குக் கீழே. எதிர்நடவடிக்கை: மேல்தளத்தின் அருகிலேயே அதே குளிரில் வைத்த கூடுதல் காங்கிரீட் கனசதுரங்களைச் சோதித்து, வலிமை வந்த பிறகு பொறியாளர் எழுத்தில் சொன்னால் மட்டுமே முட்டு எடுப்பது.

பழைய எண்களை அழித்து எழுதாதீர்கள். வாய்ப்பு 2 என்றிருந்ததை 4 ஆக்கினால், 2-ஐ அடித்து, தேதியும் காரணமும் பக்கத்தில் வரட்டும். இரண்டு மாதம் கழித்து அந்த வரியைப் படிக்கிறவருக்கு இப்போதைய எண்ணைவிட அது ஏறிய கதை பயன்படும்.

எண்களைப் பற்றிக் குறுக்கே ஒரு வார்த்தை. வாய்ப்பையும் பாதிப்பையும் பெருக்கி, பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கியிருப்பீர்கள். உங்கள் மண்சரிவு 2 × 4 = 8. ‘சிமெண்ட் வரத்துத் தாமதம்’ 3 × 3 = 9 என்று இருந்திருக்கும், ஆக அது மேலே. ஒரு மனிதன் மண்ணுக்குள் போவதைவிட சிமெண்ட் லாரி தாமதமாவது முக்கியம் என்று அந்தப் பெருக்கல் சொல்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட வரிகளைப் பெருக்காதீர்கள். தனியாக மேலே வையுங்கள், எண் எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் பேசுங்கள். மற்றவற்றுக்குப் பெருக்கல் பரவாயில்லை.

38 என்பதும் அதிகம். உங்கள் பட்டியலைப் பார்க்காமலே சொல்கிறேன், அதில் பாதி இடரே அல்ல. டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உள்ளூர் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள், பொங்கலுக்குச் சமவெளி ஆட்கள் ஊருக்குப் போவார்கள், மே மாதக் கோடைவிழா நாட்களில் மலைப்பாதையில் கனரக வண்டிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு இருக்கும். இவை ‘நடக்கலாம்’ அல்ல, நடக்கும். நிச்சயமாக நடப்பது அட்டவணையில் விடுமுறையாக ஏறவேண்டும், இடர் பதிவேட்டில் அல்ல. பருவமழை வருவதும் அப்படித்தான். அது உங்கள் முகப்பை என்ன செய்யும் என்பது மட்டுமே இடர். விடியலில் காட்டெருமை வழியில் நிற்பதைக்கூட ஒரு தளத்தில் இடராக எழுதியிருந்தார்கள். கோத்தகிரிப் பக்கம் அது இடரா, அன்றாடமா என்று நானும் கொஞ்ச நேரம் யோசித்தேன். வேலை தொடங்கும் நேரத்தை வெளிச்சம் வந்த பிறகு என்று மாற்றியதும் அந்த வரி தேவையில்லாமல் போனது.

இவற்றை எடுத்துவிட்டால் பன்னிரண்டு, பதினைந்து வரிகள் மிஞ்சும். ஒரு கூட்டத்தில் மனிதர்கள் முழு மனதோடு பேசக்கூடியது அவ்வளவுதான்.

இப்போது சரிந்துபோன பகுதி. அதை இடர் பதிவேட்டில் வைத்திருக்காதீர்கள். நடந்தது இடர் அல்ல, பிரச்சினை. பிரச்சினைப் பதிவேட்டுக்கு மாற்றுங்கள். மண்ணை யார் எப்போது அள்ளுவது, குழியை யார் பார்த்து ஒப்புவது, செலவு யார் தலையில் என்பவை அங்கே. மண் அள்ளும் இயந்திரத்துக்கு நம் மாவட்டத்தில் அனுமதி வேண்டும் என்பதை அந்த வரியிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு அதற்காக ஒரு வாரம் போகும். இடர் பதிவேட்டில் அந்த வரியை மூடாதீர்கள். இருபுறமும் நிற்கும் முகப்புக்காக அது திறந்தே இருக்கட்டும். வாய்ப்பு 2 அல்ல, 4. காரணம் என்ற இடத்தில்: “அக்டோபரில் ஒருமுறை சரிந்தது, மண் நனைந்துள்ளது, சுவர் இல்லை.”

முழுப் பதிவேட்டையும் திருத்தி முடிக்கும் வரை காத்திருக்காதீர்கள். நாளை காலை மழை விட்டிருந்தால், நிலநுட்பப் பொறியாளரை அழைத்துவந்து, மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, வெடிப்பு இருக்கும் இடத்தில் அந்தக் கம்பிகளை அடிக்கச் சொல்லுங்கள். முதல் அளவை மேஸ்திரி எடுக்கட்டும், காவல்காரர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அளவு, நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைக் காவல்காரர் கொட்டகையில் ஆணியில் தொங்கவிடுங்கள். அட்டையின் உட்புறத்தில் தளப் பொறியாளரின் கைபேசி எண்ணையும் மாற்று ஆளின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.